முளைப்பயறு: மூக்கு சொல்வதும் சொல்லாததும்

ஊவா மாகாணத்தில் பயறு விளைவது கீழே, அதை முளைகட்டித் தின்னுபவர்களில் பலர் இருப்பது மேலே. மொனராகலை மாவட்டத்தின் காய்ந்த காணிகளில் பிடுங்கி அடித்த பாசிப்பயறு மூட்டையாகி வெல்லவாயாவிலிருந்து மலையேறுகிறது. வெல்லவாயா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். பதுளை நகரம் 680 மீட்டர். பண்டாரவளை 1,230. அப்புத்தளை 1,430. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு, ஏழு பாகை குளிர்ந்துவிடும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஒரே மூட்டையில் அளந்த பயறு வெல்லவாயாவில் ஒரே நாளில் வால் விடும். அப்புத்தளைத் தோட்டத்து லயத்தில் இரண்டு நாள் எடுக்கும், மழைக்காலக் குளிரில் அதற்கும் மேலே. மேலே இருப்பவர்கள் கடைக்காரர் பழைய பயறைத் தள்ளிவிட்டார் என்று திட்டுவார்கள். அவர் மேல் குற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "ராத்திரி ஊறவை, மறுநாள் துணியில் கட்டு, அதற்கு மறுநாள் தின்னு" என்று புத்தகங்களில் வரும் கணக்கு சென்னை போன்ற வெக்கையான ஊர்க் குசினிக்கு எழுதப்பட்டது. மலைநாட்டில் அதை அப்படியே பின்பற்றினால் முளை வருவதற்குள் வழுவழுப்பு வந்துவிடும்.

அந்த வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காய்ந்த பயறு தூங்கும் உயிர். தண்ணீர் பட்டதும் தோல் வழியாகவும், காயில் ஒட்டியிருந்த அந்த வெள்ளைத் தழும்பின் பக்கமாகவும் ஈரம் உள்ளே போகிறது. பயறு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையாகிறது, உள்ளே நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன, மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது. உயிருள்ள பயறு அந்தச் சர்க்கரையைத் தன் முளைக்கே செலவழித்துக்கொள்ளும். சிறிதளவுதான் வெளியே கசியும். செத்த பயறுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் உயிரணுச் சவ்வுகள் ஏற்கெனவே கிழிந்து கிடக்கின்றன. ஊறியதும் சர்க்கரையும் புரதமும் பக்கத்துப் பயறுகளின் மேல் வழிகின்றன. எல்லாப் பயறின் தோலிலும் இயல்பாகவே குடியிருக்கும் பக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவற்றுள் சில தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு சர்க்கரைப் படலத்தைக் கட்டிக்கொள்ளும். விரலில் நூல் இழுப்பது அந்தப் படலம்தான். வேறு சில, முளையின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரினைக் கரைத்து முளையையே கூழாக்கும். காற்றுப் புகாத நடுப்பகுதியில் புளிக்கவைக்கும் கூட்டம் வேலை செய்யும். புளிச்ச வாடை முதலில், அழுகல் வாடை பிறகு.

ஆக, வழுவழுப்புக்கு மூன்று தேவை: செத்த பயறு, வடியாமல் தேங்கிய தண்ணீர், காற்றில்லாத சூடு. மூன்றாவதைப் பலர் நம்பமாட்டார்கள். முளைக்கிற பயறு நம்மைப் போலவே மூச்சுவிடும், மூச்சுவிட்டால் சூடு வரும். பெரிய துணி மூட்டையை அவிழ்த்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். முளை வரும் அறிகுறி என்று சந்தோஷப்படுவதற்குப் பதில் மூட்டை பெரிதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே முதல் வேலை, பயறில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவது. ஐம்பது பயறைப் பொறுக்காமல் அள்ளி, ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி, இரண்டு மூன்று நாள் ஈரம் காயாமல் வையுங்கள். நாற்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் நல்ல பயறு. நாற்பதுக்குக் கீழே போனால் அதைக் கஞ்சிக்கும் பயத்தம் உருண்டைக்கும் வைத்துக்கொள்வது நல்லது. முளைகட்டினால் எவ்வளவு அலசினாலும் நாறும். முளைக்காதவற்றை நசுக்கியும் பாருங்கள். கூழாக நசுங்குவது செத்தது. ஊறாமல் கல்லாகவே கிடப்பது வேறு வகை: தோல் தண்ணீரை உள்ளே விடாத கல்பயறு. அது உயிரோடுதான் இருக்கிறது, நாறவும் நாறாது. பல்லை உடைக்கும், அவ்வளவே. இன்னொன்று, விதைக்கென்று விற்கும் பயறு இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சண மருந்து தடவியது. அதைத் தின்னவே கூடாது.

இனி பதுளை அளவில் ஒரு கைப்பிடியைச் செய்து பார்ப்போம். 100 கிராம் பயறு நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் போதும், முளைத்தபின் 250 கிராமுக்குக் குறையாது. ஓட்டை விழுந்தது, சுருங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி விடவேண்டும். உடைந்த பயறு செத்த பயறுக்குச் சமம். மூன்று நாலு தண்ணீரில் அலசி, மிதப்பதை ஊற்றிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் நாலு மடங்கு ஊற்றி ஊறவையுங்கள். பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், ஏன் என்று பின்னால் வரும். பதுளையில் எட்டு மணி நேரம் போதும். அப்புத்தளைப் பக்கம் பன்னிரண்டு வரை வைக்கலாம், ஆனால் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் பயறு மூச்சு முட்டிச் சாகும். ஊறிய தண்ணீரில் நுரை கட்டி மேலே குமிழ் நின்றால் புளிப்புத் தொடங்கிவிட்டது.

அடுத்தது வடிப்பது. முளைகட்டுவதில் ஆட்கள் அவசரப்படும் இடம் இது. தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே மூடிவிடுவார்கள், அடியில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தங்கிவிடும். மறுநாள் வாடை அந்த அடியிலிருந்துதான் கிளம்பும். கண்ணுள்ள வடிதட்டு அல்லது இடியப்பத் தட்டைச் சாய்த்து வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு அதே தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கொதிநீரில் அவித்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். துணி மூட்டையாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. சின்ன மூட்டைக்கு அது பரவாயில்லை. கால் கிலோவைக் கட்டினால் நடு சூடாகும், நுனியில் தண்ணீர் சொட்டாமல் நிற்கும். குளிர் என்று அடுப்பங்கரையில் ஒட்டி வைப்பவர்கள் ஒருபக்கம் வெந்து மறுபக்கம் முளைக்காத பயறைத்தான் எடுப்பார்கள்.

காலை, மாலை, வெக்கையான நாளில் மத்தியானமும், ஆறிய தண்ணீரில் அலசி மறுபடி முழுக்க வடிக்கவேண்டும். அலசுவது ஈரம் கொடுக்க மட்டும் அல்ல. கசிந்த சர்க்கரையைக் கழுவி எடுக்கவும், மூச்சுச் சூட்டைத் தணிக்கவும்தான் முக்கியமாக. பதுளையில் வடித்து ஒரு நாள், ஒன்றரை நாளில் அரை அங்குல வால் வந்துவிடும். அதோடு நிறுத்துங்கள். சீனக் கடைகளில் காணும் நீண்ட வெள்ளைத் தண்டு வேறு சங்கதி, அதற்கு நாலைந்து நாள் இருட்டும் அடிக்கடி பாயும் நீரும் வேண்டும். லயத்துக் காம்பராவில் அதை முயன்றால் வழுவழுப்புக்கு நாலைந்து நாள் கூடுதல் வாய்ப்புக் கொடுத்ததாகும்.

காலமும் குறுக்கே நிற்கும். ஆண்டுக் கடைசி வடகீழ்ப் பருவமழையில் ஊவாவின் சரிவுகள் மாதக்கணக்கில் நனைந்து கிடக்கும், காற்றில் துணி காயாது, வடிந்த பயறும் ஈரமாகவே நிற்கும். அப்போது துணியை விட்டுவிட்டுத் திறந்த தட்டே மேல், பரப்பும் கனத்தையும் ஒரு விரலாகக் குறைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் மறுபக்கம். தென்மேல் காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவது அந்தக் காற்று, முளைப்பயறுக்கு அது பகை. துணி இரண்டு மணி நேரத்தில் காயும், முளை நுனி பழுப்பாகி நின்றுவிடும். அந்த மாதங்களில் துணியை ஈரமாக வைத்தால் போதும், தட்டைக் குளமாக்க வேண்டாம்.

சரியாக வந்த முளைக்குப் பச்சைப் பட்டாணி வாசம் இருக்கும், கையில் உருட்டினால் ஒவ்வொன்றாக உதிரும். வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பூவரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வேர்த்தூவி, தண்ணீர் பட்டதும் படிந்துவிடும். பூஞ்சணம் பயறையும் பயறையும் சேர்த்துப் பின்னும், சாம்பலோ கறுப்போ படரும், மக்கிய வாடை அடிக்கும். வழுவழுப்பைக் கழுவித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கழுவினால் போவது பசை மட்டும், கூழான முளை திரும்ப முளையாகாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாயிற்று. மணமாக, மொறுமொறுவென்று இருக்கிறது. தேங்காய்ப்பூ, பச்சைக் கொச்சிக்காய், தேசிக்காய் விட்டுப் பச்சையாகவே சம்பலாகப் பிசையலாமா? "வாடை இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் அப்பாயி சொல்லுவார். மூக்கை நம்பி வாழ்ந்த தலைமுறை அது. பெரும்பாலான சாப்பாட்டில் அந்த நம்பிக்கை சரிதான். முளைப்பயறில் அது காலை வாரிவிடும். வழுவழுப்பும் வாடையும் உண்டாக்கும் பக்டீரியாக்கள் ஒரு கூட்டம், வயிற்றைக் கெடுக்கும் சல்மொனெல்லா, ஈ.கோலை போன்றவை இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டம் பசை கட்டாமல், நாறாமல், முளையின் நிறத்தைத் தொடாமல் பெருகும்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துப் படித்தது 2011இல், ஜெர்மனியில். அந்த மே மாதம் வடக்கு ஜெர்மனியில் இரத்த வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் ஈ.கோலை O104:H4 என்ற வகை. ஓய்ந்தபோது நோயாளிகள் 3,800க்கு மேல், இறந்தவர்கள் 50க்கு மேல். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. என்ன தின்றீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, சலாது இலை என்றார்கள். தட்டின் ஓரத்தில் தூவியிருந்த முளைகள் பெரும்பாலோர் நினைவில் இல்லை. ஆய்வாளர்கள் பின்பு வேறு வழி பிடித்தார்கள். ஓர் உணவகத்தில் கூட்டமாகச் சாப்பிட்டவர்கள் எந்தெந்த உணவைக் கேட்டார்கள் என்று எடுத்து, அவற்றில் என்ன போட்டீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டார்கள். முளை சேர்ந்த உணவு தின்றவர்களிடம்தான் நோய் குவிந்திருந்தது. தடம் பீனன்ப்யூட்டல் என்ற ஊரில் முளை வளர்த்த ஒரு பண்ணைக்கும், அங்கிருந்து எகிப்தில் விளைந்து 2009இல் வந்திறங்கிய வெந்தயத்துக்கும் போனது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்.

அதைவிட நமக்கு நெருக்கமான பகுதி பிரான்சில் நடந்தது. அதே ஆண்டு ஜூனில் போர்தோ நகருக்குப் பக்கத்தில் பெக்ல் என்ற ஊரில், ஒரு சிறுவர் மையத்தின் திறந்தநாள் விழாவில் பரிமாறிய உணவால் அதே வகைக் கிருமி பரவியது. அங்கே முளை எந்தப் பண்ணையிலிருந்தும் வரவில்லை. கடையில் விதை வாங்கிச் சிறிய அளவில் தாங்களே முளைக்கவிட்டது. இரண்டு இடத்து வெந்தயமும் ஒரே எகிப்திய வரத்தைச் சேர்ந்தது. 'நம் கையால் வீட்டில் செய்தது' என்பது இந்த விஷயத்தில் காப்பு ஆகாது, ஏனென்றால் கிருமி வருவது கையிலிருந்து மட்டும் அல்ல, விதையோடும்தான். பாசிப்பயறும் விதிவிலக்கு இல்லை. 2005இல் கனடாவின் ஒன்ராறியோவில் பாசிப்பயறு முளையால் 600க்கு மேற்பட்டவர்களுக்குச் சல்மொனெல்லா நோய் வந்தது.

விதையோடு எப்படி வரும்? பயறு அடிக்கும் களத்தில் மாடு நிற்கும், கோழி கிளறும், சாக்கடியில் எலி ஓடும். ஒரு துளி எச்சம் தோலின் ஒரு கீறலில் காய்ந்து ஒட்டினால் போதும், கிருமி அதில் மாதக்கணக்கில் உறங்கும். காய்ந்த பயறைப் பொங்கலுக்கு அவித்தால் அதோடு சரி. முளைகட்டும்போது அதற்கு வேண்டிய எல்லாமே கொடுக்கிறோம்: ஈரம், இதமான சூடு, கசியும் சர்க்கரை, நேரம். ஒரு பக்டீரியா இருபது முறை இரட்டித்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும், வெதுவெதுப்பான முளையில் அதற்கு ஒரு நாளே அதிகம். அலசினால் போகாதா என்பீர்கள். ஒரு அலசலில் பத்தில் ஒன்பது போய்விட்டது என்றே வையுங்கள். மிச்சம் மூன்று, நாலு முறை இரட்டித்தால் பழைய எண்ணிக்கை. வழுவழுப்பைத் தடுக்க அலசல் போதும், கிருமியை ஓட்ட அது போதாது. மழை பெய்து கலங்கிய பீலித் தண்ணீரில், மேலே இன்னொரு லயத்தின் கழிவு கலக்கும் ஓடையில் அலசினால் கிருமியைக் கழுவுவதற்குப் பதில் சேர்க்கத்தான் செய்வோம். கொதித்து ஆறிய தண்ணீர் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்காக.

தேசிக்காய்ச் சாறும் உப்பும் இந்த எண்ணிக்கைக்கு முன் ஒன்றும் செய்யாது. விதையை முதலிலேயே குளோரினில் ஊறவைக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் முளை உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டியது. அவர்கள் பயன்படுத்திய செறிவு வீட்டில் கையாளக்கூடியது அல்ல, அப்படியும் கீறலுக்குள் இருப்பது தப்பிவிடும் என்பதால் ஒவ்வொரு தொகுதியிலும் முளைத்த தண்ணீரைச் சோதிக்கவும் சொன்னார்கள். ஜப்பானில் பாசிப்பயறை 85 பாகை வெந்நீரில் 40 விநாடி முக்கி, குளிர்நீரில் எடுத்து, பிறகு குளோரினில் ஊறவைத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். வெப்பமானியும் விநாடிக் கணக்கும் இல்லாமல் கேத்தல் தண்ணீரைக் கொட்டினால் கிருமி தப்பும், பயறு சாகும்; செத்த பயறு என்ன செய்யும் என்று பார்த்தாயிற்று.

மிஞ்சுவது அடுப்பு. முளையின் நடுப்பகுதி 70 பாகையில் இரண்டு நிமிடம் இருந்தால் இந்தக் கிருமிகள் மடியும். மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்ற சந்தேகம் சிலருக்கு வரும். முந்நூறு மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறையும். பதுளையில் 98க்குச் சற்றுக் கீழே, அப்புத்தளையில் 95 பாகை. எழுபதைத் தாண்ட அது தாராளம். தவறு நடப்பது தாளிப்புச் சட்டியில். கடுகு வெடித்ததும் முளையைக் கொட்டி நாலு புரட்டுப் புரட்டி இறக்கினால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது குளிராகவே இருக்கும். இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடி போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் விட்டுக் கிளறினால் எல்லாம் வேகும், மொறுமொறுப்பும் முழுக்கப் போகாது. அல்லது கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மறுபடி கொதி வந்ததும் மூன்று நிமிடம் வைத்து வடித்து, பிறகு சம்பலாகப் பிசையலாம்.

வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்பார்கள். காய்ந்த பயறில் வைற்றமின் சி பெயருக்குத்தான் உண்டு, முளைக்கும்போதுதான் பெருகும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் பச்சை முளை 100 கிராமில் 13 மில்லிகிராம், அவித்து வடித்தபின் 11. இரண்டு மில்லிகிராமுக்காக வயிற்றை அடகு வைக்க வேண்டியதில்லை. அந்த வைற்றமின் சி பயறின் இரும்புச்சத்தை உடம்பில் ஏற்ற உதவும். கூடவே சாயத்தண்ணியைக் குடித்தால் தேயிலையின் துவர்ப்பு அதைத் தடுக்கும். தோட்டத்தில் இதைச் சொல்லுவது கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

திடகாத்திரமான ஒருவர் எப்போதாவது பச்சை முளை ஒரு பிடி தின்றால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அந்த 'அநேகமாக' கர்ப்பிணிக்கும், கைக்குழந்தைக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரையோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கும் பொருந்தாது. பிள்ளைக்காம்பராவில் ஒரு பெரிய சட்டியில் பிசைந்து இருபது பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் பச்சை முளை என்ற பேச்சே வேண்டாம்.

வெந்தபிறகும் ஒரு கிருமி மிச்சமிருக்கும். பசில்லஸ் செரியஸ் என்ற மண் பக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கும், சோறு கெட்டு வாந்தி வருவதும் பல நேரம் இதனால்தான். அது சூடு ஆறிய உணவில் மீண்டும் பெருக மணிக்கணக்கு வேண்டும். விடிய ஐந்து மணிக்குத் தாளித்து மூடி போட்ட டப்பாவில் சூடாகவே அடைத்து, பெரட்டு முடிந்து மலையேறிக் கொழுந்து நிறுத்துப் பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் ஏழு மணி நேரம். அதைக் காலைத் தேத்தண்ணி நேரத்திலேயே முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்துக்கொள்வது மேல். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் வால் வந்த அன்றே அவ்வளவையும் சமைத்துவிடுங்கள். அடுத்த தடவை 50 கிராம் போட்டால் மிஞ்சாது.